பராமரிப்பு மேற்பார்வையாளர் பதவிக்கு நம் பிட்டரை ஏன் பரிந்துரைக்கிறேன்

மதிப்பிற்குரிய இயக்குநர் குழுவினருக்கும், கோத்தகிரி சுற்றுவட்டாரத்திலிருந்து நம் தேயிலை ஆலைக்குக் கொழுந்து தரும் அங்கத்தினர்களுக்கும் வணக்கம்.

காலியாக உள்ள பராமரிப்பு மேற்பார்வையாளர் பதவிக்கு சி.டி.சி. பகுதியின் பிட்டரைப் பரிந்துரைத்திருக்கிறேன். இப்படிப்பட்ட கடிதம் வழக்கமாகக் குழுவின் கோப்போடு நின்றுவிடும். ஆனால் மெஷின் நின்றால் பறித்த கொழுந்தை வைத்துக்கொண்டு தவிப்பது அங்கத்தினர்தான். அதனால் என் காரணங்களையும் தயக்கங்களையும் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கைத்திறமைக்காக மட்டும் ஒருவரை மேற்பார்வையாளர் ஆக்கினால் நல்ல பிட்டரை இழப்போம், நல்ல மேற்பார்வையாளர் கிடைப்பார் என்ற உறுதியும் இல்லை. ஆகவே அவர் செய்த வேலையைவிட, அவரால் மற்றவர்கள் செய்யக் கற்ற வேலையைத்தான் நான் கவனித்தேன்.

போன மழைக்காலத்தில் டிரையரிலிருந்து வந்த தூளில் ஈரம் 3 சதவீதத்தைத் தாண்டியது. அடுப்புச் சூட்டைக் கூட்டலாம் என்றார்கள் ஷிப்டில் இருந்தவர்கள். கூட்டினால் துகளின் மேல்புறம் சட்டென்று காய்ந்து இறுகிவிடும், உள் ஈரம் உள்ளேயே நிற்கும். நம் பிட்டர் டிரையரைத் தொடவில்லை. நேராகக் கடைசி சி.டி.சி. மெஷினுக்குப் போய், விழுகிற தூளில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். மணிமணியாக இருக்க வேண்டிய தூளில் நாரும் தட்டைத் துணுக்குகளும் கலந்திருந்தன. ஒரு ரோலரைவிட மற்றது ஏறக்குறைய பத்து மடங்கு வேகத்தில் சுற்றுவதால்தான் இலை நடுவில் கிழிபடுகிறது. இடைவெளி ஒரு பக்கம் அகன்றால் அந்தப் பக்கத்து இலை சரியாக வெட்டுப்படாது. சிறு துகள் காய்ந்துவிடும், பெரியது ஈரத்தோடு வெளியே வரும்.

மெயின் சுவிட்சை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் மூடியைத் திறந்தார். கொழுந்து குவிந்துகிடக்கிறது, சீக்கிரம் ஆகட்டும் என்று பின்னால் நின்றவர்கள் துரத்தியும் அதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு தாளை ரோலர்களுக்கு நடுவே வைத்துக் கையால் சுற்றினார். இடது ஓரத்தில் பல் தடம் அழுத்தமாக விழுந்தது, வலது ஓரத்தில் மங்கல். வலப்பக்க பேரிங் தேய்ந்திருந்தது.

இதுவரை சொன்னது திறமை. இதற்கு அடுத்து நடந்ததுதான் என்னை இந்தப் பரிந்துரைக்குக் கொண்டுவந்தது. பேரிங்கை அவர் மாற்றவில்லை. இளம் உதவியாளர்கள் இருவரையும் மாற்றச் சொல்லி, இடைவெளியையும் அவர்களையே வைக்கச் சொல்லி, தாளை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்தார். பிறகு அவர் ஊர்த் திருவிழாவுக்கு விடுப்பில் போயிருந்தபோது வேறொரு மெஷினில் இதே கோளாறு வந்தது. அந்த இருவரும் பூட்டுப் போட்டு, தாள் வைத்துப் பார்த்து, சரிசெய்து ஓட்டிவிட்டார்கள். எனக்கே மறுநாள்தான் தெரியும். அவர் இல்லாத ஷிப்ட் அவர் இருப்பதுபோலவே நடந்தது என்பதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டாம்.

குறைகளும் உண்டு. எந்த ரோலர் எத்தனை மணி நேரம் ஓடியது, எது பல் தீட்டப் போக வேண்டும் என்பதெல்லாம் அவர் மனதில் துல்லியமாக இருக்கிறது, பதிவேட்டில் இல்லை. உதிரிப்பாகம் வேண்டும் என்று ஸ்டோரில் கேட்பது, பழையது கைவிட்ட பிறகுதான். பிட்டராக இருக்கும்வரை சமாளிக்கலாம். மேற்பார்வையாளர் இப்படி இருந்தால் சீசன் நடுவில் பேரிங் இல்லாமல் நிற்போம். இது பழக்கினால் வரும் என்று நம்புகிறேன். ஸ்டோர் பொறுப்பாளரோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து பட்டியல் போடப் பழகினால் போதும்.

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது மற்றொன்று. மூத்த தொழிலாளி ஒருவர் பெல்ட் மேலிருக்கும் காப்பு மூடியைப் போடாமல் மெஷினை ஓட்டினார். நம் பிட்டர் மெஷினை நிறுத்தி, மூடியைத் தானே மாட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் நகர்ந்தார். அவரை ‘அண்ணன்’ என்று கூப்பிட்டே வேலை கற்றவர் இவர். மரியாதை புரிகிறது. ஆனால் சொல்லாமல் விட்டால் மூடி நாளைக்கும் கழன்றே இருக்கும், அதில் போவது அந்த அண்ணனின் விரல்தான். இளையவர்களிடம் தெளிவாகப் பேசும் இவர் மூத்தவர்களிடமும் பேச வேண்டும். அதற்குச் சான்று இன்னும் என் கையில் இல்லை.

ஆகவே நான் கேட்பது இது. ஏப்ரல், மே மாதக் கொழுந்து வரத்து தொடங்குமுன் அவரை ஆறு மாதத் தகுதிகாண் நியமனத்தில் மேற்பார்வையாளர் ஆக்குங்கள். பதவிக்குரிய சம்பளம் முதல் நாளிலிருந்தே கிடைக்கட்டும். பொறுப்பை மட்டும் கொடுத்துக் கூலியைப் பிறகு பார்ப்பது நியாயமில்லை. ரோலர் பதிவேடும் உதிரிப்பாகப் பட்டியலும் மாதாமாதம் குழுவின் பார்வைக்கு வரும். மூத்தவர்களோடு பேசவேண்டிய இடங்களில் முதல் இரண்டு மாதம் நான் உடன் நிற்பேன், பிறகு விலகிக்கொள்வேன். ஆறாம் மாத முடிவில் இந்த இரண்டு குறைகளைப் பற்றி மட்டும் எழுத்தில் அறிக்கை தருகிறேன். பிட்டர் இடத்துக்கு வெளியாள் தேட வேண்டாம். அவர் பழக்கிய இருவரில் ஒருவர் தயாராக இருக்கிறார்.

இப்படிக்கு,
ஆலை மேலாளர்