பில் வரும் முன்னரே நிகர எடை தெரிய வேண்டும்: குமரி மாவட்ட நகை வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகை வணிகர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பகுதிகளில் கடை நடத்தும் உங்களிடம் ஒரே ஒரு கோரிக்கையை வைக்கவே இதை எழுதுகிறேன். கல்யாண நகை பார்க்க வரும் குடும்பத்தின் கையில் நீங்கள் கொடுக்கும் எஸ்டிமேட் சீட்டில், ஒவ்வொரு உருப்படிக்கும் மொத்த எடை, கல் எடை, நிகரத் தங்க எடை, தங்கத்தின் தரம், சேதாரம், செய்கூலி, கல்லின் விலை ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக் கொடுங்கள். ஹால்மார்க் நகையின் பில்லில் நிகர எடையும் தரமும் ஹால்மார்க் கட்டணமும் இருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே உள்ள விதிதான். ஆனால் எதைத் தங்கத்தில் எடுப்பது, எதை வைரத்தில் எடுப்பது, எதைக் கவரிங்கில் முடித்துக்கொள்வது என்று குடும்பம் தீர்மானிப்பது பில்லை வைத்து அல்ல; அட்வான்ஸ் கொடுக்கும் முன் வீட்டில் கூடிப் பேசும்போது கையில் இருக்கும் அந்தத் துண்டுச் சீட்டை வைத்துத்தான்.

அடகுக்கு வரும் நகைகளை மதிப்பிடுவது என் தொழில். கல்யாணமாகி ஓரிரு ஆண்டில், வீடு கட்டவோ வெளிநாட்டு விசாவுக்கோ என்று அந்த நகைகள் என் தராசுக்கு வரும்போதுதான் பல பெண்கள் முதன்முறையாக நிகர எடையைக் கேட்கிறார்கள். கடனுக்கு நாங்கள் பார்ப்பது நகையிலுள்ள தங்கத்தை மட்டுமே. கல், அரக்கு, எனாமல் எல்லாவற்றையும் கழித்துவிடுவோம். வைரத்துக்கும் மதிப்புப் போட மாட்டோம். "பதினைந்து பவுன் போட்டோம்" என்று பெண்ணின் அப்பா சொல்லும் கணக்கும் நான் எழுதும் கணக்கும் பொருந்தாமல் போகும் இடம் இதுதான்.

ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். தங்க விலை தினமும் மாறுவதால், எளிமைக்காக 22 காரட் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தின் நகைச் செலவு 10 லட்சம். பெண்ணுக்குப் பிடித்தது சிவப்புக் கெம்பு பதித்த 48 கிராம் ஆரம்; அதாவது ஆறு பவுன். அதில் கல்லும் அரக்கும் 7 கிராம், சேதாரம் 20 சதவீதம். மொத்த எடைக்கே விலை போட்டால் 4,80,000 ரூபாய், சேதாரம் 96,000, மூன்று சதவீத ஜி.எஸ்.டி. 17,280, ஆக 5,93,280 ரூபாய். நிகரமான 41 கிராமுக்கு மட்டும் விலையும் சேதாரமும் போட்டு, கல்லுக்குத் தனியாக 5,000 ரூபாய் சேர்த்தால், வரியுடன் 5,11,910 ரூபாய்தான் வரும். வித்தியாசம் எண்பதாயிரத்துக்கு மேல். அதே விலையில் மறுநாளே விற்றாலும் கைக்கு வருவது அதிகபட்சம் 4,10,000 ரூபாய். ஹால்மார்க்கும் ஆறு எழுத்து எச்.யு.ஐ.டி. எண்ணும் இருக்கிறதே என்று பலர் நிம்மதியடைகிறார்கள். அந்த முத்திரை தங்கத்தின் தரத்துக்குச் சாட்சி. பில்லில் போட்ட எடையில் கல் எவ்வளவு என்பதற்கு அது சாட்சியாகாது.

நிகர எடையைச் சீட்டில் பார்த்திருந்தால் அதே குடும்பம் வேறு மாதிரி யோசித்திருக்கும். நாள்தோறும் உடம்பில் கிடக்கப்போகும் தாலிச் செயின் மூன்று பவுன், கல் இல்லாத வளையல் நான்கு பவுன், ஒரு பவுனில் மெல்லிய சங்கிலி என எட்டுப் பவுனைத் தங்கத்தில் எடுத்திருக்கலாம். கல் இல்லாத நகைக்குச் சேதாரம் குறைவு. 10 சதவீதம் என்று வைத்தால் 64 கிராமுக்கு வரியுடன் 7,25,120 ரூபாய் ஆகும். ஆரம், ஒட்டியாணம், வங்கி, நெற்றிச்சுட்டி ஆகியவை முகூர்த்தத்துக்கும் போட்டோவுக்குமானவை. அதற்குப் பிறகு பெரும்பாலும் லாக்கரை விட்டு வெளியே வராதவை. அவற்றுக்கு 50,000 ரூபாய் ஒதுக்கி வடசேரியில் செய்யும் கோயில் நகைகளில் தேடலாம். புவிசார் குறியீடு பெற்ற வேலைப்பாடு நம் மாவட்டத்திலேயே இருக்க, ஒரு நாள் அணிவதற்காக ஆறு பவுனில் கெம்பு ஆரம் வாங்குவது எனக்கு இன்றுவரை விளங்காத வழக்கம். ஆனால் இங்கும் சீட்டில் தெளிவு வேண்டும். வெள்ளியில் செய்து தங்கம் பூசியதா, செம்பு அல்லது பித்தளையில் செய்த கவரிங்கா என்பதை எழுதிக் கொடுங்கள். முன்னதில் வெள்ளிக்கென ஒரு மதிப்பு மிஞ்சும். பின்னதில் மறுவிற்பனைக்கென்று எதுவும் மிஞ்சாது. "ஒரு கிராம் தங்க நகை" என்று பலகை வைத்திருப்பவர்கள், அது கவரிங்தான் என்பதைச் சீட்டிலும் எழுதுவதே நேர்மை.

வைரத்துக்கு வருகிறேன். இந்தக் குடும்பம் ஒரு ஜோடி வைரக் கம்மல் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வைர நகை பெரும்பாலும் 18 காரட்டில் செய்யப்படுவதால், அதிலுள்ள தங்கத்துக்கு 22 காரட் விலை போடக் கூடாது. நம் கணக்கில் 18 காரட் கிராம் ஏறக்குறைய 8,190 ரூபாய். ஐந்து கிராமுக்கு 22 காரட் விலையைப் போட்டால் ஒன்பதாயிரம் ரூபாய் கூடுதலாகப் போய்விடும். கல்லின் எடையிலும் ஒரு சோதனை உண்டு. ஒரு காரட் வைரம் 0.2 கிராம், ஆகவே 0.40 காரட் வைரம் பதித்த கம்மலில் மொத்த எடைக்கும் நிகர எடைக்கும் இடையே 0.08 கிராம்தான் வித்தியாசம் வர வேண்டும். அதைவிட அதிகமாக இருந்தால், வேறு கல்லோ மெழுகோ இருக்கிறதா என்று வாடிக்கையாளர் கேட்பது நியாயம். காரட்டுக்கு 80,000 ரூபாய் என்று போட்டால் வைரம் 32,000, தங்கம் 40,950, செய்கூலி 8,000, அதற்கு மேல் வரி. ஏறக்குறைய 83,400 ரூபாயில் கம்மல் முடிந்துவிடும். இயற்கை வைரமா, ஆய்வகத்தில் வளர்த்ததா என்பதையும் சீட்டில் எழுதுங்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். விலையிலும் திரும்ப எடுக்கும் மதிப்பிலும் பெரிய இடைவெளி உண்டு. திரும்பக் கொண்டுவந்தால் கல்லுக்கு எத்தனை சதவீதம் தருவீர்கள், மாற்றுக்கு மட்டுமா, பணமாகவுமா என்பதை வாய்மொழியாகச் சொல்லாமல் ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திடுங்கள்.

இதுவரை கூட்டினால் 8,58,520 ரூபாய். மீதம் சுமார் 1,41,000. அந்தத் தொகையை இன்னும் இரண்டு உருப்படி எடுக்கச் சொல்லி வாங்கிவிடாதீர்கள். ஆவணியிலோ தையிலோ கல்யாணம் வைத்துவிட்டுச் சில மாதங்களுக்கு முன்பே நகை புக் செய்பவர்கள் இங்கே அதிகம். அதற்குள் கிராமுக்கு 500 ரூபாய் ஏறினால், சேதாரமும் வரியும் சேர்ந்து ஏறுவதால், அந்த எட்டுப் பவுனுக்கே 36,256 ரூபாய் கூடுதலாகும். எனவே அட்வான்ஸ் ரசீதில், எத்தனை கிராமுக்கு எந்தத் தேதி வரை எந்த விலை உறுதி செய்யப்பட்டது, விலை இறங்கினால் குறைந்த விலை கிடைக்குமா, மாடலை மாற்றினால் சேதார சதவீதம் மாறுமா என்ற மூன்றும் இருக்கட்டும்.

எல்லை தாண்டி நெய்யாற்றின்கரைக்கும் திருவனந்தபுரத்துக்கும் போய் விலை விசாரித்து வருபவர்கள், அங்கே சதவீதம் குறைவாமே என்று கேட்கும்போது நீங்கள் சலித்துக்கொள்வதை அறிவேன். அங்கே பணிக்கூலி என்று ஒரே எண்ணாகச் சொல்வதும் இங்கே சேதாரம், செய்கூலி என்று பிரித்துச் சொல்வதும்தான் பாதிக் குழப்பத்துக்குக் காரணம். நிகர எடையையும் மொத்தக் கூலியையும் சீட்டில் எழுதிவிட்டால் உங்கள் விலை உண்மையிலேயே குறைவாக இருக்கும் இடங்களிலும் அது தெரிந்துவிடும். வரும் கல்யாண சீசனுக்கு முன் இந்தச் சீட்டு முறையை உங்களில் சிலராவது தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நாகர்கோவில் நகை மதிப்பீட்டாளர் ஒருவர்