38 என்று மட்டும் எழுதி ஜாக்கெட் விற்க விடாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கத்துப் பெண்களுக்காகப் பழைய துணி விற்று வாங்கும் நம் குழுவை நடத்துகிற ஆச்சிமார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். காரைக்குடியில் தையல் கடை வைத்திருக்கிறேன், குழுவிலும் இருக்கிறேன். குழுவில் வாங்கிய ஜாக்கெட்டுகள் பிறகு எங்கே வருகின்றன என்றால் என் கடைக்குத்தான். "கொஞ்சம் பிரிச்சு விட முடியுமா" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அளவு போடுங்கள் என்று இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன், பார்க்கலாம் என்றீர்கள். போன முகூர்த்தத்தில் நடந்ததற்குப் பிறகு இன்னொரு முறை தனியாகக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க மனசு வரவில்லை, அதனால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு டீச்சர் வந்தார். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு அம்மாவின் பட்டுப்புடவையைக் கட்ட வேண்டும் என்று ஆசை, அதற்குப் பொருத்தமாக மெரூன் பட்டு ஜாக்கெட் ஒன்றைக் குழுவில் பார்த்து 1,200 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். விற்றவர் போட்டிருந்த விவரம் இவ்வளவுதான்: "38 சைஸ், ஒருமுறை போட்டது, புதுசு போல." டீச்சர் போடுவது 38. வந்த ஜாக்கெட்டில் ஹூக் மாட்ட முடியவில்லை. விற்றவரிடம் கேட்டதற்கு, 38 என்றுதானே சொன்னேன், நீங்கள் உடம்பு போட்டிருப்பீர்கள் என்று பதில் வந்திருக்கிறது. அந்த மெசேஜை என்னிடம் காட்டும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. நன்றாகப் பொருந்துகிற அவருடைய பழைய ஜாக்கெட் ஒன்றையும் எடுத்து வந்திருந்தார். அதன் சுற்றளவு சரியாக 38. அவர் உடம்பு போடவில்லை.

வந்த ஜாக்கெட்டை மேசையில் விரித்து அளந்தேன். பின்பக்கம் 17 இன்ச், முன்பக்கம் ஒவ்வொரு பாதியும் 9¼. கூட்டினால் 35½. லேபிளில் மட்டும் 38 அப்படியே இருந்தது. உள்ளே திருப்பிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிட்டது: ரெடிமேடாக வாங்கி, இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்திருக்கிறார்கள். பிடித்துத் தைத்த ஜாக்கெட்டை லேபிளைப் பார்த்து விற்றால் இப்படித்தான் ஆகும். 38 என்ற எண்ணை ஒருவர் உடம்பின் சுற்றளவு என்று எழுதுகிறார், ஒருவர் துணியின் சுற்றளவு என்று எழுதுகிறார், இன்னொருவர் கம்பெனி லேபிளைப் பார்த்து எழுதுகிறார். வாங்குகிறவருக்கு இது எந்த 38 என்று எப்படித் தெரியும்?

சரி, பிரித்து விடலாம் என்று பார்த்தேன். உள்ளே முக்கால் இன்ச் துணி விட்டிருந்தது. தையல் நிற்கக் கால் இன்ச் வேண்டும், மீதி அரை இன்ச்சை எடுக்கலாம். ஒரு பக்கத் தையலில் முன் துணியும் பின் துணியும் சேருவதால் ஒரு பக்கத்துக்கு ஒரு இன்ச், இரண்டு பக்கமும் சேர்த்து இரண்டு இன்ச் கிடைக்கும். மீதி அரை இன்ச்சுக்கு ஹூக்கை ஓரமாகத் தள்ளி வைத்துச் சமாளித்துவிடலாம் என்று டீச்சரிடம் சொன்னேன். அவருக்கும் நிம்மதி. ஆனால் இடது பக்கம் பிரிக்க ஆரம்பித்ததும் அக்குள் கிட்டே பட்டு நூல் நூலாகப் பிரிந்து வந்துவிட்டது. வேர்வை ஊறி ஊறி அந்த இடம் இற்றுப்போயிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மெரூன் நிறத்தில் அது தெரியாது, உள்பக்கம் லைனிங்கில் மஞ்சள் பூத்த வட்டமாகத் தெரிகிறது. ஒருமுறை போட்டதில் பட்டு இந்த அளவுக்கு இற்றுப்போகாது. பிரித்த இடத்தில் இன்னொன்றும் தெரிந்தது. உள்ளே மடிந்திருந்த துணி நல்ல மெரூன், வெளியே இருந்தது வெளுத்த மெரூன், நடுவில் பழைய தையலின் ஊசி ஓட்டைகள் வரிசையாக. கையைத் தூக்கினால் எல்லோருக்கும் தெரியும். கல்யாணத்துக்கு அவர் பள்ளிக்கூடத்துக்குப் போடுகிற சாதாரண ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் போனார்.

இதற்குத் தையல்காரியான நான் என்ன செய்ய முடியும்? விற்கும்போதே ஐந்து எண்ணும் மூன்று வரியும் எழுதியிருந்தால் அந்த 1,200 ரூபாயும் போயிருக்காது, அந்தப் பேச்சையும் அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை. நான் கேட்பது அதைத்தான்: விரித்து அளந்த அளவும், தேய்மானக் குறிப்பும் இல்லாத தைத்த துணியைக் குழுவில் போட அனுமதிக்காதீர்கள்.

விரித்து அளப்பது என்றால், சிலர் செய்வதுபோல் ஜாக்கெட்டை மடித்துப் போட்டு ஒரு பக்கத்தை அளந்து இரண்டால் பெருக்குவது இல்லை. சுடிதார் டாப்புக்கு, சட்டைக்கு அது சரிப்படும். ஜாக்கெட்டுக்கு முன்னால் டாட் இருப்பதால் முன்பக்கம் பின்பக்கத்தைவிட அகலம், தட்டையாகவும் படியாது. டீச்சரின் நல்ல ஜாக்கெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பின்பக்கம் 18, முன்பக்கம் பத்தும் பத்தும் இருபது, மொத்தம் 38. பின்பக்கத்தை மட்டும் அளந்து பெருக்கியிருந்தால் 36 என்று வந்திருக்கும், இரண்டு இன்ச் தப்பு. அதனால் முதலில் பின்பக்கத்தைத் தட்டையாக விரித்து, அக்குள் தையல் சேருகிற இடத்துக்குச் சற்றுக் கீழே ஒரு பக்கத் தையலிலிருந்து மறு பக்கத் தையல்வரை அளக்க வேண்டும். அப்புறம் முன்பக்கப் பாதிகளை ஒவ்வொன்றாக, பக்கத் தையலிலிருந்து ஹூக் மாட்டுகிற கோடுவரை, துணியின் மேடுமேல் டேப்பைத் தவழவிட்டு அளக்க வேண்டும். ஹூக் கோட்டைத் தாண்டி உள்ளே போகிற பட்டியைச் சேர்க்கக்கூடாது, ஏனென்றால் போடும்போது அது ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். துணியை இழுக்கவும் கூடாது. மூன்றையும் கூட்டினால் மார்புச் சுற்றளவு. இதே மாதிரி கீழே பட்டிச் சுற்றளவு, கைச்சுற்று, தோள்பட்டையிலிருந்து கீழ்வரை உயரம், கை நீளம். இவ்வளவு போதும். கைச்சுற்றை மறக்காமல் எழுதச் சொல்லுங்கள், மார்பு பொருந்திக் கை ஏறாமல் என்னிடம் வருகிற ஜாக்கெட்டுகள் நிறைய.

நம் வீடுகளில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரை அளப்பதற்கு அருமையான தரை, மேடு பள்ளம் இல்லை. ஆனால் போட்டோவுக்கு அந்தப் பூ வேலைக்குமேல் துணியை விரித்தால் கறை எது, தரையின் நிறம் எது என்று தெரியாமல் போகிறது, ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் வைத்துப் பகல் வெளிச்சத்தில் எடுக்கச் சொல்லுங்கள். டேப்பும் தெரிய வேண்டும். பழைய துணி டேப் இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கும், பிள்ளைகளின் 30 சென்டிமீட்டர் ஸ்கேலோடு வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது நல்லது.

தேய்மானக் குறிப்பில் "புதுசு போல" என்ற சொல்லே வேண்டாம். எங்கே, என்ன, எவ்வளவு பெரிது என்று எழுத வேண்டும். ஜாக்கெட்டை உள்ளே வெளியே திருப்பி இரண்டு அக்குளையும் ஒரு போட்டோ எடுத்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். பிடித்ததா பிரித்ததா, உள்ளே எவ்வளவு துணி இருக்கிறது, எப்படித் துவைத்தது என்பதையும் சேர்க்க வேண்டும். அந்த மெரூன் ஜாக்கெட்டையே இப்படி எழுதியிருக்கலாம்:

"மெரூன் பட்டு ஜாக்கெட், லைனிங் உண்டு. பின்பக்கம் 17, முன்பக்கம் 9¼ + 9¼, மார்பு மொத்தம் 35½. பட்டி 30, கைச்சுற்று 11½, உயரம் 14, கை நீளம் 9. லேபிள் 38, ஆனால் இரண்டு பக்கமும் பிடித்தது, உள்ளே முக்கால் இன்ச் துணி உண்டு. இடது அக்குளில் உள்பக்கம் வேர்வைக் கறை, துணி அங்கே மெலிந்திருக்கிறது, பிரித்தால் தாங்காது. வெளிநிறம் கொஞ்சம் வெளுத்தது. டிரை வாஷ் மட்டும்."

இப்படி எழுதினால் 1,200 ரூபாய்க்குப் போயிருக்காது. 400 ரூபாய்க்கு, 35½ ஜாக்கெட் சரியாகப் பொருந்துகிற ஒரு பெண் சந்தோஷமாக வாங்கியிருப்பார், பிரிக்க வேண்டிய தேவையே அவருக்கு இல்லை. கறை இருக்கிற துணியை விற்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. தெரிந்து வாங்கட்டும் என்கிறேன். வாங்குகிறவரும் உடம்பை அளக்காமல், தனக்கு நன்றாகப் பொருந்துகிற ஒரு ஜாக்கெட்டை இதே மாதிரி விரித்து அளந்து, துணியோடு துணியை ஒப்பிட்டுக்கொள்ளலாம். அரை இன்ச் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. ஒரு இன்ச்சுக்குமேல் சிறிதாக இருந்தால், உள்ளே துணி இருக்கிறதா என்று கேட்காமல் வாங்க வேண்டாம்.

இவ்வளவு கேட்டால் விற்கிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்று போன தடவை சொன்னீர்கள். நம் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய எனாமல் தூக்கு வாங்கப் போனால்கூடக் கையில் எடுத்து, திருப்பி, அடி நசுங்கியிருக்கிறதா என்று பார்த்துத்தானே வாங்குகிறோம். போட்டோவில் இருக்கிற துணியைத் திருப்பிப் பார்க்க முடியாது, திருப்பிப் பார்த்துச் சொல்ல வேண்டியது விற்கிறவர்தான். வாங்கியதைத் திருப்பித் தர முடியாது என்று குழுவில் விதி வைத்திருக்கிறீர்கள். அந்த விதி விற்கிறவரைக் காப்பாற்றுகிறது. வாங்குகிறவரைக் காப்பாற்ற ஒரு விதிகூட இல்லை. புகார் சொல்கிறவர்களைச் சண்டைக்காரி மாதிரி பார்ப்பதும், "பழசு வாங்கினா அப்படித்தான்" என்று வாயை அடைப்பதும் இப்போது பழக்கமாகிவிட்டது. காசை யோசித்துச் செலவு செய்கிறவர்கள்தான் பழைய துணி வாங்குகிறார்கள். அவர்களிடம்தான் இப்படிப் பேசுகிறோம்.

கொஞ்சம் கோபமாக எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சம்பளம் இல்லாமல், வீட்டு வேலைக்கு நடுவே இந்தக் குழுவை நடத்துகிறீர்கள், அதனால்தான் உங்களிடம் உரிமையோடு கேட்கிறேன். புடவைக்கு இவ்வளவு தேவைப்படாது. ஜாக்கெட் துணி வெட்டியதா வெட்டாததா, மொத்த நீளம் என்ன, கண்டாங்கி என்றால் அடிக்கரை நைந்திருக்கிறதா, பட்டு என்றால் மடிப்பில் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தீர்களா என்று நாலு கேள்விக்குப் பதில் போதும். தைத்த துணிக்கு மட்டும் விரித்து அளந்த அளவும் தேய்மானக் குறிப்பும் கட்டாயம் என்று, தை முகூர்த்தங்கள் தொடங்குவதற்கு முன்னால் அறிவித்துவிடுங்கள் ஆச்சி. அளக்கத் தெரியாதவர்கள் துணியை என் கடைக்கு எடுத்துவரட்டும், காசு வாங்காமல் அளந்து எழுதிக் கொடுக்கிறேன். மதியம் இரண்டு மணியிலிருந்து நான்குவரை கடையில் கூட்டம் இருக்காது, அந்த நேரம் வந்தால் நல்லது.