ஐந்து ரோடு மருந்துக்கடையில் பயிற்சியில் இருந்த தங்கைக்கு நன்றி

பெயர் கேட்காமல் வந்துவிட்டோம்மா. சேலத்தில் யாராவது இதை உன்னிடம் காட்டினால் போதும்.

காய்ச்சலில் இருந்த எங்கள் பாப்பாவுக்கு பாராசிட்டமால் சொட்டு மருந்து எழுதியிருந்தார்கள். வேளைக்கு 15 மில்லி. பாட்டிலைக் கையில் எடுத்ததும் நீ நின்றுவிட்டாய். முழு பாட்டிலே 15 மில்லிதான். ஒரு வேளைக்கே அது காலியாகுமா?

"பாப்பா எடை எவ்வளவுக்கா?" என்றாய். 10 கிலோ. கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 150. அந்தச் சொட்டு மருந்தில் மில்லிக்கு 100 மில்லிகிராம் இருப்பதால் தேவை 1.5 மில்லி. சீட்டில் புள்ளி விழவில்லை. அப்படியே கொடுத்திருந்தால் ஒரே வேளையில் 1500 மில்லிகிராம், கல்லீரலையே கெடுக்கக்கூடிய அளவு. அதிலும் முதல் நாள் வாந்தியைத் தவிர வேறெதுவும் தெரியாமல் போகலாம்.

நீயாகத் திருத்தவில்லை. சீனியரிடம் காட்டி, டாக்டருக்குப் போன் போட்டு, அவர் சொன்னதைத் திரும்பச் சொல்லி உறுதிசெய்தாய். பிறகு ஊசியில்லாத சிரிஞ்சில் 1.5 கோட்டில் பேனாவால் குறியிட்டு, "ஒன்றரை மில்லி" என்று எழுத்தாலும் எழுதித் தந்தாய். பின்னால் அத்தனை பேர் வரிசையில் நிற்க, நீ அவசரப்படவே இல்லை.

பாப்பா நன்றாக இருக்கிறாள், தங்கச்சி.