சமஷ்டி உபநயனம் நடத்தும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய குழுவினருக்கு நமஸ்காரம்.

சென்ற மாதம் தாங்கள் நடத்திய சமஷ்டி உபநயனத்தில் என் தங்கை மகனுக்கும் பூணூல் போடப்பட்டது. ஏற்பாடுகளில் குறையில்லை. தகப்பன் பிள்ளைக்குக் காயத்ரி மந்திரத்தை உபதேசிக்கும் பிரம்மோபதேசம் நடந்த விதத்தைப் பற்றி மட்டுமே எழுதுகிறேன்.

தகப்பனும் பிள்ளையும் பட்டு வஸ்திரத்துக்குள் அமர்ந்திருக்க, மேடையிலிருந்த வாத்தியார் ஒலிபெருக்கியில் காயத்ரியை முழுவதுமாக ஒரே மூச்சில் சொன்னார். எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து திருப்பிச் சொன்னார்கள். பிள்ளையின் காதில் தகப்பன் சொல்ல வேண்டியதை ஒலிபெருக்கி சொல்லிவிட்டது. தகப்பனுக்குத் தன் குரலே கேட்கவில்லை.

வீட்டுச் சடங்குகளை விதிக்கும் கிருஹ்ய சூத்திரம் இதற்கு வகுத்த முறை தாங்கள் அறியாததல்ல. முதலில் ஒவ்வொரு பாதமாகவும், அடுத்துப் பாதி மந்திரமாகவும், கடைசியில் முழுவதுமாகவும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பிள்ளையால் எவ்வளவு முடியுமோ அவ்வளவு சொல்ல வைக்க வேண்டும் என்று ஆச்வலாயனர் கூறுகிறார். எட்டெழுத்துப் பாதம் மூன்று கொண்ட மந்திரத்தை இப்படிப் பிரித்துச் சொன்னால்தான் பிழை எங்கே என்று சொல்லிக் கொடுப்பவருக்குத் தெரியும். எங்கள் பிள்ளை மறுநாள் சந்தியாவந்தனத்தில் முதல் பாதத்தைச் சரியாகச் சொன்னான். 'பர்கோ' என்று தொடங்கும் இரண்டாம் பாதத்தின் நடுவில் நின்று, அங்கிருந்து மூன்றாம் பாதத்தின் கடைசிச் சொல்லுக்குத் தாவினான். கூட்டத்தின் குரலில் அவன் வாயசைத்திருக்கிறான், யாரும் கவனிக்கவில்லை. குருவிடம் அழைத்துச் சென்று சாவித்ரி எனப்படும் இந்தக் காயத்ரியைப் பெற்றுத் தருவதற்கே உபநயனம் என்றால், அன்று அவனுக்குக் கிடைத்தது நூல் மட்டும்தான்.

தங்கள் விண்ணப்பப் படிவம் கோத்திரம், பிரவரம், சூத்திரம் எல்லாவற்றையும் கேட்கிறது. யாருக்கு உரிமை உண்டு என்பதில் அத்தனை கண்டிப்பு. கர்ப்பத்திலிருந்து எண்ணிப் பிராமணப் பிள்ளைக்கு 8 வயது, க்ஷத்திரியனுக்கு 11, வைசியனுக்கு 12 என்றும், முறையே 16, 22, 24 கடந்தால் சாவித்ரியை இழந்தவன் என்றும் சொல்லும் அதே சாஸ்திரம்தான், எப்படி உபதேசிப்பது என்பதையும் சொல்கிறது. பெண்களிலும் உபநயனம் பெற்று வேதம் ஓதிய பிரம்மவாதினிகள் இருந்ததாக தர்மசாஸ்திர ஆசிரியரான ஹாரீதர் பெயரில் வழங்கும் வாக்கியம் உண்டு. ஆர்ய சமாஜத்தார் இன்றும் பெண்களுக்குப் பூணூல் அணிவிக்கிறார்கள். என் மகள் கேட்டபோது தாங்கள் ஒரே வரியில் மறுத்தீர்கள். பிறப்பைப் பார்த்து ஒரு பிள்ளையை உள்ளே விட்டு, பெண் என்பதால் இன்னொன்றை நிறுத்திவைத்தபின், உள்ளே வந்தவனுக்கும் மந்திரம் சேராமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆயினும் பெண்களின் உரிமையைத் தனியே பேச வேண்டும். இன்றைய கோரிக்கை அதுவல்ல.

பிரம்மோபதேசத்தின்போது ஒலிபெருக்கியை நிறுத்துங்கள். ஒவ்வொரு தகப்பனும் பாதம் பாதமாகத் தம் பிள்ளைக்குச் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். முகூர்த்தத்துக்குள் முடியாதென்றால் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். உச்சரிப்பு அறியாத தகப்பன்மார்களுக்குச் சில நாள் முன்பே வாத்தியாரைக் கொண்டு சொல்லிக் கொடுங்கள். அடுத்த உபநயனத்துக்கு நாள் குறிக்கும் முன் இதை முடிவுசெய்து பெற்றோருக்குத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பூணூல் போட்ட ஒரு பிள்ளையின் தாய்மாமன்