ஐ.சி.டி. வழி ஏற்றுமதிக்கான உள்ளீட்டு வரி ரீஃபண்ட் தொடர்பான கோரிக்கை மனு

அனுப்புநர்:
வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான எல்.யு.டி. உறுதிக் கடிதம் கொடுத்துச் சரக்கு அனுப்பும் ஏற்றுமதியாளர்கள்

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மத்திய ஜி.எஸ்.டி. மற்றும் கலால்

பொருள்: கப்பல் புறப்பட்ட பின்னும், அதன் ஏற்றுமதிச் சரக்குப் பட்டியலான இ.ஜி.எம். விவரம் இல்லை என்று RFD-03 குறைபாட்டு மெமோ அனுப்புவதை நிறுத்தவும், ரீஃபண்ட் கணக்கில் கப்பலில் ஏற்றும் வரையிலான எஃப்.ஓ.பி. மதிப்பைச் சீராகப் பயன்படுத்தவும் வேண்டுதல்.

ஐயா / அம்மையீர்,

ஐ.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 16ஆம் பிரிவின்படி எங்கள் ஏற்றுமதி பூஜ்ய வரி விகிதத்தில் வருகிறது. இன்வாய்ஸில் வரி போடுவதில்லை. மூலப்பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரி மின்னணு வரவு லெட்ஜரில் சேர்கிறது. அதை RFD-01 விண்ணப்பம் வழியே, Statement 3 இணைத்துத் திரும்பக் கேட்கிறோம். அந்த அறிக்கையில் ஷிப்பிங் பில் எண், தேதி, துறைமுகக் குறியீடு ஆகியவற்றோடு இ.ஜி.எம். எண்ணும் தேதியும் நிரப்ப வேண்டும். சிக்கல் இந்தக் கடைசி இரண்டில்தான்.

துறைமுகத்திலேயே சுங்க அனுமதி பெற்ற சரக்குக்கு இது பெரும்பாலும் தானாக வந்துவிடும். ஐ.சி.டி. எனும் உள்நாட்டு கண்டெய்னர் டிப்போவில் அனுமதி பெற்ற சரக்கு அப்படியல்ல. டிப்போவில் ஏற்றுமதி உத்தரவு கிடைத்ததும் கண்டெய்னர் ரயிலிலோ லாரியிலோ துறைமுகம் போகிறது. இ.ஜி.எம். தாக்கல் செய்வது அங்கே ஷிப்பிங் லைன். டிப்போவின் ரயில் அல்லது லாரிப் பட்டியலும் துறைமுக இ.ஜி.எம்.மும் பொருந்தினால்தான் ஷிப்பிங் பில் முடிந்ததாகக் கணினி காட்டும். கண்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் உண்டு. அதில் ஓர் இலக்கம் மாறினாலும் பொருத்தம் விழாது. ஏழாவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம் என்பதால் எந்தப் பட்டியலில் பிழை என்று பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். திருத்தம் கேட்க வேண்டியது ஷிப்பிங் லைன். ஏற்றுமதியாளர் போர்ட்டலில் உட்கார்ந்து எதையும் மாற்ற முடியாது. ஐ.ஜி.எஸ்.டி. கட்டி அனுப்பியவர்களுக்கு இதே கோளாறு SB006 என்ற பிழைக் குறியீடாகத் திரையில் தெரியும். எல்.யு.டி.யில் போகிறவர்களுக்கு RFD-03 வந்த பிறகே தெரிகிறது.

ஓர் உதாரணம். இன்வாய்ஸ் ஏப்ரல் 3. டிப்போவில் உத்தரவு ஏப்ரல் 8. பில் ஆஃப் லேடிங்கில் கப்பலின் பெயரும் ‘ஆன் போர்டு’ தேதியாக ஏப்ரல் 19-உம் இருக்கின்றன. சுங்கத் துறையின் ஐஸ்கேட் தளத்தில் இ.ஜி.எம். கட்டம் மட்டும் காலி. குறைபாட்டு மெமோ வந்ததும் கேட்ட தொகை லெட்ஜருக்கே திரும்புகிறது, விண்ணப்பமும் முடிந்துபோகிறது. புதிதாகப் போட வேண்டும். ரீஃபண்ட் உத்தரவுக்கான 60 நாள் கெடு மறுபடி முதலிலிருந்து எண்ணப்படும். 56ஆம் பிரிவின் 6 சதவீத வட்டியும் அந்தப் புதிய கெடு கழிந்த பிறகே கணக்காகும். அதைவிட மோசம், சரக்கே போகவில்லை என்று கருதி 96ஏ விதியின் 3 மாதக் கெடுவைக் காட்டி வரியும் வட்டியும் கேட்பது. சரக்கு கப்பலில் ஏறிய தேதி கையில் இருக்கும்போது அந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

இதே சரக்குக்கு ரீஃபண்ட் தொகையிலும் தவறு நேர்கிறது. இன்வாய்ஸ் கப்பல் வாடகையும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். அடிப்படையில் ரூ. 40,00,000, ஷிப்பிங் பில்லில் எஃப்.ஓ.பி. ரூ. 38,50,000. விதி 89(4)இன் விளக்கப்படி இரண்டில் குறைந்ததே ஏற்றுமதி மதிப்பு. அந்த மாத உள்நாட்டு விற்பனை ரூ. 61,50,000, நிகர உள்ளீட்டு வரி ரூ. 8,00,000 என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுமதி மதிப்பை நிகர உள்ளீட்டு வரியால் பெருக்கி, ஏற்றுமதியும் உள்நாட்டு விற்பனையும் சேர்ந்த மொத்தத்தால் வகுப்பதே சூத்திரம்.

```
38,50,000 × 8,00,000 ÷ 1,00,00,000 = 3,08,000
38,50,000 × 8,00,000 ÷ 1,01,50,000 = 3,03,448
```

முதல் வரியே சரி. இரண்டாவதில் மேலே எஃப்.ஓ.பி.யும் கீழே ரிட்டர்னில் உள்ள சி.ஐ.எஃப். தொகையும் கலந்துவிட்டன. வகுக்கும் தொகையிலும் அதே குறைந்த மதிப்பையே சேர்க்க வேண்டும் என்று 17.07.2023 தேதியிட்ட 197/09/2023 சுற்றறிக்கை தெளிவாகச் சொல்லியும் பல உத்தரவுகள் இரண்டாவது வழியில்தான் வருகின்றன. ஒரு மாதத்துக்கு ரூ. 4,552 சிறிய தொகைதான். மாதாமாதம் வெட்டினால் சிறியதல்ல.

எனவே, டிப்போ வழி சரக்குக்கு இ.ஜி.எம். பொருந்தாதது மட்டுமே குறையாக இருந்தால் RFD-03 அனுப்பாமல் RFD-02 ஒப்புகை வழங்கவும், ஆன் போர்டு தேதியுள்ள பில் ஆஃப் லேடிங்கைக் கப்பல் ஏற்றிய சான்றாக ஏற்று, விதி 91-க்குத் தகுதியான விண்ணப்பங்களுக்கு 90 சதவீதத் தற்காலிக ரீஃபண்டை விடுவிக்கவும் வேண்டுகிறோம். மீதித் தொகையை இ.ஜி.எம். திருத்தம் முடிந்ததும் தரலாம். திருத்தம் தேங்கிய ஷிப்பிங் பில்களின் பட்டியலைத் துறைமுகச் சுங்க அலுவலகத்துக்கு அனுப்பி, ஷிப்பிங் லைனிடம் கேட்கச் செய்யவும் வேண்டுகிறோம். சரக்கு ஏற்றுமதியில் வங்கியின் பணவரவுச் சான்று ரீஃபண்டுக்கு முன்நிபந்தனை அல்ல, இ.ஜி.எம். குறைக்கு மாற்றாக அதைக் கேட்பதையும் தவிர்க்கச் சொல்ல வேண்டும். சூத்திரத்தின் இரு பக்கமும் ஒரே எஃப்.ஓ.பி. மதிப்பைப் பயன்படுத்துமாறு எல்லா ரீஃபண்ட் அதிகாரிகளுக்கும் எழுத்தில் அறிவுறுத்த வேண்டும்.

இணைப்பு: ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், ரயில் பட்டியல், RFD-03 நகல்கள்.

இப்படிக்கு,
ஏற்றுமதியாளர்கள்