பாங்காக் போகிறவர்களுக்கு: "வெங்காயம் வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது

வணக்கம்.

அடுத்த மாதம் எங்களோடு தாய்லாந்து வருகிற உங்களில் பாதிப் பேர் அசைவம், முட்டை, வெங்காயம், பூண்டு எதுவும் தொடாதவர்கள். டிக்கெட் உறையிலேயே தாய்லாந்து மொழியில் எழுதிய ஒரு மஞ்சள் அட்டை வைத்திருக்கிறோம், அது எதற்கு என்று சொல்லத்தான் இந்த மடல்.

போன தடவை நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். பாங்காக்கில் ஒரு சாதாரண ஹோட்டலில் நம் குழுவில் வந்த ஒரு மாமி ஆங்கிலத்தில் தெளிவாகத்தான் சொன்னார், இறைச்சி வேண்டாம், முட்டை வேண்டாம், வெங்காயம் வேண்டாம் என்று. பரிமாறிய பெண் சிரித்துத் தலையாட்டினார். வந்த ஃப்ரைட் ரைஸில் கறி இல்லை, முட்டை இல்லை, வெங்காயத் துண்டும் இல்லை. ஆனால் மேலே வெங்காயத்தாள் தூவியிருந்தது. சோறு ஏன் இப்படிப் பழுப்பாக இருக்கிறது என்று நான் கேட்டதும் அந்தப் பெண் உள்ளே போய் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினார். லேபிளில் சிப்பிப் படம்! அது சிப்பிச் சாறு. அவரைக் குறை சொல்ல முடியாது, மாமி சொன்ன மூன்றையும் அவர் விட்டிருந்தார்.

நமக்கு சின்னது, பெரியது, தாள் எல்லாமே வெங்காயம்தான். தாய்லாந்து மொழியில் பெரிய வெங்காயம் ஹோம் யாய், சின்ன வெங்காயம் ஹோம் டேங், வெங்காயத்தாள் தொன் ஹோம். ஒன்றைச் சொன்னால் மற்ற இரண்டும் தட்டில் வந்துவிடலாம். (ஹோம் என்றால் மணம் என்றும் பொருள், அதனால் அரிசி மூட்டையில் "ஹோம் மாலி" என்று பார்த்துவிட்டு சோற்றையே ஒதுக்கிவிடாதீர்கள், அது மல்லிகைப் பெயர் வைத்த மணமுள்ள அரிசி, அவ்வளவுதான்.)

முட்டை விஷயம் இன்னும் வேடிக்கை. அங்கே முட்டைக்கும் கோழிக்கும் கிட்டத்தட்ட ஒரே சொல். நாம் சாதாரணமாகக் "கை" என்று சொன்னால் அவர்கள் காதில் கோழி என்று விழும், முட்டை என்று கேட்க வேண்டுமானால் 'க'வில் இந்திக்காரர்கள் போல மூச்சு வரவேண்டும். நமக்கு அது வராது, முட்டை போடாதீர்கள் என்பதற்கு நீங்கள் "மை சை கை" என்று மனப்பாடம் செய்து சொன்னால் கோழி போடாமல் முட்டையை ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள். அதனால்தான் அட்டை.

அதற்கும் முன்னால், உங்களுக்கு ஏற்ற ஒரே சொல் அங்கேயே இருக்கிறது: ஜே. அது சீன பௌத்த வழியில் வந்த விரதச் சாப்பாடு. இறைச்சி, மீன், முட்டை, பால் கிடையாது. வெங்காயம், பூண்டு போன்ற காரமணமுள்ளவையும் கிடையாது. கடையில் மஞ்சள் கொடியில் சிவப்பாக ஓர் எழுத்து இருக்கும், நம் கண்ணுக்கு 17 என்று எழுதினது போலத் தெரியும். அந்த 17 தெரிகிற கடையில் நிம்மதியாக உட்காரலாம். தட்டில் இறால் மாதிரி, வாத்துக்கறி மாதிரி ஏதாவது இருந்தால் பதறாதீர்கள், சோயாவிலும் கோதுமையிலும் செய்தது. "மங்சவிரத்" என்று எழுதியிருந்தால் மட்டும் கவனம், அது வெறும் சைவம், முட்டையும் வெங்காயமும் இருக்கலாம். இன்னொன்று, ஜேயில் உருளை, கேரட்டுக்குத் தடையில்லை. கிழங்கு சாப்பிடாத ஜைன நண்பர்கள் எங்களிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஜே கடை கிடைக்காவிட்டால்தான் அட்டை. உட்கார்ந்ததும், மெனுவைத் தொடுவதற்கு முன்பே நீட்டுங்கள். "கின் ஜே" என்பது முதல் வரி. அடுத்து மீன் சாறு, சிப்பிச் சாறு, இறால் விழுது, அப்புறம் முட்டை, அப்புறம் மூன்று வெங்காயமும் பூண்டும் தனித்தனியாக. கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்: "முடியாது என்றால் சொல்லிவிடுங்கள், வெறும் சோறும் பழமும் போதும்." வந்தவரிடம் இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டுத்தான் பல இடங்களில் தலையாட்டுகிறார்கள், இந்த வரியைப் படித்ததும் சமையல்காரரே வெளியே வந்து "மை டாய்", அதாவது ஆகாது, என்று சொன்னதுண்டு. அப்படிச் சொல்கிற கடையை நான் நம்புவேன்.

க்ரீன் கரி மாதிரிக் குழம்பு வகைகளைக் கேட்கவே கேட்காதீர்கள். சின்ன வெங்காயம், பூண்டு, இறால் விழுது மூன்றும் மசாலாவோடு முன்பே அரைத்து வைத்திருப்பார்கள், பிறகு எதையும் எடுக்க முடியாது. கண்ணெதிரே அப்போதே வதக்கித் தருகிற காய்கறியை சோயா சாஸ் மட்டும் ஊற்றித் தரச்சொல்லிக் கேளுங்கள். நூடுல்ஸ் என்றால் வெள்ளையாக இருக்கும் அரிசி நூடுல்ஸ். மஞ்சளாக இருக்கும் "பா மி" முட்டை கலந்த மாவு.

அட்டையை இப்போதே போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், போன தடவை மூன்று பேர் அதை ஹோட்டல் அறையிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். பருப்புப் பொடி டப்பா கொண்டுவருவது உங்கள் இஷ்டம், நான் கொண்டுவருவேன்.

அன்புடன்,
உங்கள் பயண அலுவலகம், கும்பகோணம்