இலவசத் தங்குமிடம்: சாவி யாரிடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் இணைப்பிதழில் சென்னை அழகு நிலையங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில் ஒரு வரி: “தங்குமிடத்தை நிர்வாகமே இலவசமாகத் தந்துவிடுவதால், கிராமத்திலிருந்து வரும் பெண்களுக்கு அந்தக் கவலை இல்லை.” எழுதியவர் அப்படி ஒரு வீட்டுக்குள் போய்ப் பார்த்திருந்தால் இந்த வரியை எழுதியிருக்க மாட்டார். தாங்களும் அச்சேற்றியிருக்க மாட்டீர்கள் என்றே நம்புகிறேன். சான்றிதழ் வாங்கிய கையோடு ஊரிலிருந்து பெட்டியுடன் வருகிற பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து அனுப்புவது எங்கள் வேலை. ஆகவே இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அரும்பாக்கம் பக்கத்தில் உள்ள வீடு ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு படுக்கையறை, ஒரு குளியலறை, எட்டுப் பெண்கள். காலை ஒன்பதேகாலுக்கு எல்லோரும் கிளம்பியாக வேண்டும். ஆளுக்கு இருபது நிமிடம் என்றாலும் எட்டுப் பேருக்கு இரண்டு மணி நாற்பது நிமிடம். முதல் பெண் ஆறரைக்கே எழுந்து குளிக்க வேண்டும். அவளே முந்தின இரவு பார்லரைக் கூட்டிப் பெருக்கி, துண்டுகளைத் துவைக்கப் போட்டு, பத்தரைக்கு வீடு வந்து, சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தவள். நாளெல்லாம் நின்றே வேலை பார்க்கும் கால்கள் அவை. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே நம் மாநிலத்தில் சட்டத் திருத்தம் வந்தது. எத்தனை பார்லர்களில் ஸ்டைலிஸ்டுக்கென்று ஒரு ஸ்டூல் இருக்கிறது என்று தங்கள் நிருபர்கள் ஒருநாள் எண்ணிப் பார்க்கலாம்.

நெருக்கடியையாவது பொறுத்துக்கொள்வார்கள். பொறுக்கக் கூடாதது பூட்டு. இரவு பதினொன்றுக்கு மேனேஜர் வந்து தலையை எண்ணிவிட்டு, கிரில் கதவை வெளிப்பக்கமாகப் பூட்டி, சாவியை எடுத்துக்கொண்டு போகிறார். கேட்டால் “பாதுகாப்புக்காக” என்கிறார்கள். ஊரில் இருக்கும் அம்மா அப்பாவுக்கும் அதைக் கேட்டால் நிம்மதிதான். உள்ளே ஒரே ஒரு சாதாரணப் பிளக் பாயிண்டில் எக்ஸ்டென்ஷன் போர்டு போட்டு, இண்டக்ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி, பழகுவதற்கு வைத்திருக்கும் ஸ்ட்ரெய்ட்னர், எட்டு செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் செருகியிருப்பதை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பாயிண்ட் 6 ஆம்பியருக்கானது, அதாவது சுமார் 1,380 வாட் தாங்கும். 2,000 வாட் அடுப்பு ஒன்றே ஒன்பது ஆம்பியருக்குப் பக்கத்தில் இழுக்கும். பிளக்கைத் தொட்டால் சுடுகிறது, போர்டு பழுப்பேறியிருக்கிறது, பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறது என்றால் எச்சரிக்கை வந்துவிட்டது என்று பொருள். சுமை கூடினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அடிக்கடி விழுகிறதென்று பெரிய அளவு சுவிட்சாக மாற்றிவிடுவார்கள். அதுதான் இருப்பதிலேயே ஆபத்து. விழுவது ஒயரைக் காப்பாற்ற. அது விழாவிட்டால் ஒயர் உருகும். இரவில் புகை கிளம்பினால், வெளியே பூட்டிய கிரிலுக்குப் பின்னால் எட்டுப் பேர்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. உள்ளிருந்து சாவியில்லாமல் திருகித் திறக்கக்கூடிய பூட்டு ஒன்று, ஆளுக்கொரு சாவி, அடுப்புக்கென்று தனியாக 16 ஆம்பியர் பாயிண்ட். வேலையை விட்டுப் போகிறவர் சாவியைத் திருப்பிக் கொடுத்தாலும் பூட்டை மாற்ற வேண்டும். பழைய ஊழியர், புரோக்கர், வீட்டுக்காரர் என்று எத்தனை மாற்றுச் சாவிகள் வெளியே சுற்றுகின்றன என்பது யாருக்கும் தெரியாது.

பெண்கள் விடுதி நடத்துவோர் மாவட்ட ஆட்சியரிடம் பதிவு செய்து உரிமம் பெற வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. கேட்டால், “இது ஹாஸ்டல் இல்லை, ஸ்டாஃப் ரூம்” என்கிறார்கள். சரி, பதிவு பெற்ற விடுதிக்கே போகலாமே என்றால், பல விடுதிகளில் ஒன்பது, ஒன்பதரைக்கெல்லாம் கேட்டை மூடிவிடுகிறார்கள். பார்லர் மூடுவதே ஒன்பதுக்கு. அதனால்தான் இந்தப் பெண்கள் ஸ்டாஃப் ரூமிலேயே சிக்கிக்கொள்கிறார்கள்.

முகூர்த்த நாள் வந்தால் இன்னொரு தொல்லை. நாலரை, ஆறு முகூர்த்தம் என்றால், மணப்பெண்ணுக்கு மேக்கப்பும் தலை அலங்காரமும் முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். இரண்டு மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். ஒன்றேகாலுக்கு ஒரு பெண், கையில் இரண்டு மேக்கப் பெட்டியுடன், பைக் டாக்ஸிக்காகத் தெருமுனையில் நிற்கிறாள். முடித்துவிட்டு அன்றே பத்து மணிக்குப் பார்லருக்கும் வர வேண்டும். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் கடைகள் இரவும் பகலும் திறந்திருக்கலாம் என்று 2019-ல் அரசாணை வந்தபோது அதனுடன் நிபந்தனைகளும் வந்தன: பெண்களை வழக்கமாக இரவு எட்டுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வாங்கினால் எழுத்து மூலம் சம்மதம் வேண்டும், வாகன வசதி செய்து, அதை வாசலில் எழுதி ஒட்ட வேண்டும். எட்டு மணிக்குமேல் திறந்திருக்கும் பார்லர் வாசல்களில் அந்த அறிவிப்பைத் தேடிப் பாருங்கள். மணப்பெண் மேக்கப்புக்கு வாங்கும் தொகையிலேயே வாகன வாடகையைச் சேர்த்துவிடலாம். இருவராகப் போக வேண்டும், அதே வாகனம் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட வேண்டும், அன்றைக்கு மதியத்துக்குமேல்தான் வேலை. இவ்வளவுதான் தேவை.

இதையெல்லாம் அந்தப் பெண்களே கேட்கலாமே என்று தங்கள் பக்கங்களில் பலமுறை அறிவுரை வந்திருக்கிறது. வேலை வேண்டாம் என்று சொன்ன அன்றிரவே படுக்கையும் போய்விடும் என்பது அறிவுரை சொல்கிறவர்களுக்குத் தெரியவில்லை. சில இடங்களில் அசல் சான்றிதழையும் மேனேஜர் வாங்கி வைத்திருப்பார். மேனேஜரைப் பற்றியே புகார் என்றால், ராத்திரி எங்கே தங்குவது? பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில், வேலை நிமித்தம் போகும் இடமும் நிறுவனம் ஏற்பாடு செய்யும் வாகனமும் பணியிடத்தில் அடங்கும். பத்துப் பேருக்குக் குறைவான பார்லராக இருந்தால் மாவட்டத்தின் உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். நடந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நியாயமான காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். ஆனால் படுக்கை நிச்சயமில்லாத பெண்ணுக்கு அந்த மூன்று மாதம் போதாது. வேலையை விட்டாலும் பதினைந்து நாள் தங்கலாம் என்று வேலை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிட்டால், புகார் கொடுக்கும் தைரியம் அதிலிருந்தே வரும்.

தங்களிடம் கேட்பது சிறிய உதவிதான். தங்கள் வேலைவாய்ப்பு விளம்பரப் பகுதியில் “தங்குமிடம் இலவசம்” என்று வரும் ஒவ்வொரு அழகு நிலைய விளம்பரத்துக்கும் கீழே மூன்று விவரங்களை அச்சிடச் சொல்லுங்கள்: ஓர் அறையில் எத்தனை பேர், சாவி யாரிடம், வேலையை விட்டால் எத்தனை நாள் தங்கலாம். மூன்றுக்கும் பதில் தராத விளம்பரத்தை வாங்காதீர்கள். அந்த ஞாயிறு வரிக்கு ஒரு திருத்தமும் வெளியிட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
அழகுக்கலைப் பயிற்சி ஆசிரியை,
வடபழனி, சென்னை.